ஒரு சொல்லுக்கு ஒரு சொல் போதாது: தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழி வேதியியலுக்கு

பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுப் பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறும் மாணவர், வேதியியல் புத்தகத்தைத் திறந்தால் பாதிப் பக்கம் ஏற்கெனவே தெரிந்ததாகவே இருக்கும். குறியீடுகளும் வாய்பாடுகளும் சமன்பாடுகளும் எந்த வழியில் படித்தாலும் ஒன்றுதான். H2SO4 என்பது தமிழிலும் அதுவே, ஆங்கிலத்திலும் அதுவே. குளோரின், சோடியம், அம்மோனியா போன்ற பெயர்களும் ஒலியளவில் பழகியவை. தடுமாற்றம் வருவது இவற்றைச் சுற்றியிருக்கும் சொற்களில். கரைசல், வீழ்படிவு, இணைதிறன், ஒடுக்கம் ஆகியவற்றுக்குப் பதிலாக சொல்யூஷன், பிரெசிபிடேட், வேலன்சி, ரிடக்ஷன் என்று வேறொரு பட்டாளம் வந்து நிற்கும்.

வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம், ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் எழுதி மனப்பாடம் செய்வது. வீழ்படிவுக்கும் வடிகட்டலுக்கும் இது போதும். ஆனால் மதிப்பெண்ணை இழக்க வைக்கும் சொற்கள் இப்படி ஒன்றுக்கொன்று என்று ஜோடி சேர்வதில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் இருக்கும், அல்லது தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்திருக்கும். முதல் நாளிலிருந்தே கவனிக்க வேண்டியவை இவைதான்.

இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு 'சாச்சுரேட்டட்' என்ற சொல். 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் சாதாரண உப்புதான் கரையும். அதற்குமேல் போட்டால் அடியில் தங்கிவிடும். இனிக் கரைக்க முடியாத நிலையை எட்டிய கரைசல் தமிழில் தெவிட்டிய கரைசல். பாயசம் தெவிட்டுவதை அறிந்த எவருக்கும் அந்தச் சொல்லே பொருளைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இது 'சாச்சுரேட்டட் சொல்யூஷன்'. 20 கிராம் உப்பு மட்டும் கரைந்திருந்தால் தெவிட்டாத கரைசல், அதாவது 'அன்சாச்சுரேட்டட்'. கரிம வேதியியல் அலகுக்குப் போனால் அதே 'அன்சாச்சுரேட்டட்' மறுபடியும் வருகிறது. அங்கே எதுவும் கரையவில்லை. கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்போ முப்பிணைப்போ உள்ள ஹைட்ரோகார்பனை அச்சொல் குறிக்கிறது. தமிழ்ப் பாடநூல் இதைத் தெவிட்டாத ஹைட்ரோகார்பன் என்று சொல்லாமல் நிறைவுறா ஹைட்ரோகார்பன் என்று தனியாகப் பெயரிட்டிருக்கிறது.

தமிழ்வழி மாணவருக்கு இது ஒருவகையில் சாதகம். தெவிட்டுதல் வேறு, நிறைவுறுதல் வேறு என்பது அவருக்கு முன்பே தெரியும். இனி அவர் செய்ய வேண்டியது, ஆங்கிலச் சொல்லைப் பார்த்தவுடன் பக்கத்தில் என்ன பெயர்ச்சொல் இருக்கிறது என்று பார்ப்பது. 'சொல்யூஷன்' இருந்தால் தெவிட்டுதல். 'ஹைட்ரோகார்பன்', 'காம்பவுண்ட்', 'ஃபேட்டி ஆசிட்' இருந்தால் நிறைவுறுதல். சமையல் எண்ணெய் டின்னில் அச்சடித்திருக்கும் 'சாச்சுரேட்டட் ஃபேட்' இந்த இரண்டாவது பொருளைச் சேர்ந்தது. அந்தக் கொழுப்பு எதிலும் தெவிட்டிவிடவில்லை. அதன் கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை என்பதுதான் செய்தி.

'சொல்யூஷன்' என்ற சொல்லுக்கும் இரட்டை வேடம் உண்டு. பாடத்துக்குள் கரைசல். கணக்குக்குக் கீழே தடித்த எழுத்தில் வந்தால் தீர்வு.

காரம் என்ற சொல் இதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. ஆங்கிலத்தில் 'பேஸ்' ஒன்று, 'ஆல்கலி' வேறொன்று. அமிலத்தை நடுநிலையாக்கி உப்பும் நீரும் தரும் பொருள் 'பேஸ்'. அவற்றுள் நீரில் கரைபவை மட்டும் 'ஆல்கலி'. எனவே சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டும்தான், ஆனால் நீரில் கரையாத காப்பர் ஆக்சைடு 'பேஸ்' மட்டுமே. தமிழ்நாட்டுப் பாடநூல் இதில் முதலாவதைக் காரம் என்றும் இரண்டாவதை எரிகாரம் என்றும் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், தனிம வரிசை அட்டவணைக்குப் போனவுடன் இந்த ஒழுங்கு கலைந்துவிடும். லித்தியம், சோடியம், பொட்டாசியம் அடங்கிய முதல் தொகுதி ஆங்கிலத்தில் 'ஆல்கலி மெட்டல்ஸ்', தமிழிலோ வெறும் கார உலோகங்கள். இரண்டாம் தொகுதி 'ஆல்கலைன் எர்த் மெட்டல்ஸ்', தமிழில் காரமண் உலோகங்கள். காரத்துக்கு 'பேஸ்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் மாணவர், விடைத்தாளில் 'பேஸ் மெட்டல்' என்று எழுதிவிடுவார். ஆங்கிலத்தில் அப்படியும் ஒரு தொடர் உண்டு. அதன் பொருள், தங்கம் வெள்ளி போன்ற உயர் உலோகம் அல்லாத, செம்பு ஈயம் போன்ற மலிந்த உலோகம். விடை முற்றிலும் வேறு திசைக்குப் போய்விடும்.

இணையத்தில் இலங்கைத் தமிழ் ஆசிரியர்களின் பாடங்களைக் கேட்பவர்களுக்கு இங்கே இன்னொரு எச்சரிக்கை தேவை. அங்கே 'பேஸ்' என்பதற்கு மூலம் என்றும் 'ஆல்கலி' என்பதற்குக் காரம் என்றும் சொல்வார்கள். தனிமம் அங்கே மூலகம், ஆக்சிஜனேற்றம் அங்கே ஒட்சியேற்றம். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் இரண்டையும் ஒரே நோட்டில் கலந்து எழுதினால் குழப்பம் நிச்சயம்.

'பேஸ்' என்பதன் பெயரடையான 'பேசிக்' இன்னும் சேட்டை செய்யும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் அலகின் தலைப்பிலேயே அது இருக்கிறது. அங்கே பொருள் அடிப்படை. 'பேசிக் ஆக்சைடு' என்றால் காரத்தன்மையுள்ள ஆக்சைடு. 'டைபேசிக் ஆசிட்' என்று வரும்போதோ காரமும் இல்லை, அடிப்படையும் இல்லை. இடம்பெயர்க்கத்தக்க ஹைட்ரஜன் அணுக்கள் ஒரு மூலக்கூறில் இரண்டு உள்ள அமிலம் என்பது பொருள். தமிழில் இதை இருகாரத்துவ அமிலம் என்பார்கள். அமிலத்துக்கு எப்படிக் காரத்துவம் வரும் என்று திகைக்கத் தேவையில்லை. எத்தனை காரத்தை நடுநிலையாக்க வல்லது என்ற கணக்கிலிருந்து வந்த பெயர் அது. சல்பியூரிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் இந்த வகை.

தமிழ்வழி மாணவருக்கும் ஆங்கிலவழி மாணவருக்கும் பொதுவான குழப்பம் ஒன்று உண்டு. 'ஸ்ட்ராங்' வேறு, 'கான்சென்ட்ரேட்டட்' வேறு. நீரில் கரையும்போது ஏறக்குறைய முழுவதும் அயனிகளாகப் பிரியும் அமிலம் 'ஸ்ட்ராங்', தமிழில் வலிமைமிகு அமிலம். ஒரு குறிப்பிட்ட பருமனில் அமிலம் நிறைய இருந்தால் 'கான்சென்ட்ரேட்டட்', தமிழில் செறிவுமிக்க அமிலம். ஒரு வாளி நீரில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டாலும் அது வலிமைமிகு அமிலத்தின் நீர்த்த கரைசல்தான். பாட்டிலில் உள்ள செறிவுமிக்க அசிட்டிக் அமிலம் கையைச் சுட்டாலும் வலிமைகுறைந்த அமிலமே. பேச்சில் 'ஸ்ட்ராங் காபி' என்று சொல்லிப் பழகியிருப்பதால் ஆங்கிலச் சொல் வந்ததும் செறிவு என்று பொருள்கொள்ளத் தோன்றும். வலிமை, செறிவு என்ற தமிழ்ச் சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தச் சறுக்கல் வராது.

அடுத்தது பெயர்களின் வால் பகுதி. Na2S, Na2SO3, Na2SO4 என்ற மூன்றும் தமிழ்ப் பாடநூலில் சோடியம் சல்பைடு, சோடியம் சல்பைட்டு, சோடியம் சல்பேட்டு. ஆங்கிலத்திலும் இவையே, ஆனால் அங்கே வார்த்தையின் இறுதி 'டு' ஒலி இல்லாமல் டக்கென்று முடிந்துவிடும். முதலாவதன் கடைசி மெய் மென்மையான ஒலி, இரண்டாவதில் வல்லின ஒலி. தமிழில் இரண்டுக்கும் ட் ஒன்றுதான் என்பதால், வகுப்பில் வேகமாகச் சொல்லப்படும்போது இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். எழுதும்போது தவறான எழுத்து வந்துவிட்டால் சேர்மமே மாறிவிடும்.

இதற்குக் காதை நம்பாமல் விதியை நம்புவது நல்லது. 'ஐடு' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லை. ஹைட்ராக்சைடும் பெராக்சைடும் விதிவிலக்கு. 'ஐட்டு', 'ஏட்டு' இரண்டிலும் ஆக்சிஜன் உண்டு, ஒரே தனிமத்தில் ஐட்டைவிட ஏட்டில் ஆக்சிஜன் கூடுதல். அமிலங்களோடு இதற்கு நேரான உறவு இருக்கிறது. 'அஸ்' என்று முடியும் அமிலத்திலிருந்து ஐட்டு வரும், 'இக்' என்று முடியும் அமிலத்திலிருந்து ஏட்டு வரும். நைட்ரஸ் அமிலம் HNO2, அதன் உப்பு நைட்ரைட்டு. நைட்ரிக் அமிலம் HNO3, அதன் உப்பு நைட்ரேட்டு. ஆக்சிஜனே இல்லாத ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் 'இக்' என்று முடிந்தும் குளோரைடு தரும். முன்னால் 'ஹைட்ரோ' ஒட்டியிருப்பதே அதற்கு அடையாளம். கரிம வேதியியலில் ஒரே ஓர் உயிரெழுத்து இந்த வேலையைச் செய்கிறது. ஈத்தேன் C2H6, ஈத்தீன் C2H4, ஈத்தைன் C2H2. பெயரைக் கேட்டவுடன் வாய்பாட்டை எழுதிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் தவறு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

உலோகங்களின் கதை வேறு. இரும்பு, தாமிரம், வெள்ளி, பாதரசம், துத்தநாகம் என்று தமிழ்ப் பெயரிலேயே படித்தவருக்கு அயர்ன், காப்பர், சில்வர், மெர்குரி, ஜிங்க் என்று மாற்றிக்கொள்வது ஒரு வாரப் பழக்கம்தான். குறியீட்டுக்கும் பெயருக்கும் தொடர்பில்லாமல் இருப்பதில் தமிழ்வழி மாணவருக்கு மட்டுமே பின்னடைவு என்றும் சொல்ல முடியாது. அயர்ன் என்ற பெயரில் Fe எங்கே இருக்கிறது? ஃபெர்ரம் என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்த குறியீடு அது. ஃபெர்ரஸ், ஃபெர்ரிக் என்று வரும்போதுதான் அந்த லத்தீன் வெளியே எட்டிப் பார்க்கும்.

ஈயம் மட்டும் தனிக் கவனம் வேண்டும். பாடநூலில் ஈயம் அல்லது காரீயம் என்பது 'லெட்', குறியீடு Pb. வெள்ளீயம் என்பது 'டின்', குறியீடு Sn. வீட்டிலோ ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பூசுவதும் வெள்ளீயம்தான். காரீயம் நஞ்சு, அதில் ரசம் வைக்கக் கூடாது. 'டின்' என்றால் தகரம் என்று மொழிபெயர்ப்பதும் பாதிதான் சரி. கடையில் தகர டப்பா என்று விற்பது பெரும்பாலும் மெல்லிய வெள்ளீயப் பூச்சுள்ள இரும்புத் தகடு. ஆகவே ஆங்கிலப் புத்தகத்தில் 'லெட்' வந்தால் சமையலறை ஈயத்தை நினைக்காமல், பேட்டரித் தகட்டின் கனத்த உலோகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாடத்தின் நடுநாயகமான ஜோடி 'ஆக்சிடேஷன்', 'ரிடக்ஷன்'. தமிழில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம். தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே ஆக்சிஜன் உட்கார்ந்திருப்பதால் தொடக்கத்தில் அது உதவும். சூடான கருநிறக் காப்பர் ஆக்சைடின் மேல் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் செந்நிறத் தாமிரம் கிடைக்கிறது.

CuO + H2 → Cu + H2O

ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் பெற்றது, அது ஆக்சிஜனேற்றம். காப்பர் ஆக்சைடு ஆக்சிஜனை இழந்தது, அது ஒடுக்கம். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் வரையறை விரிகிறது. எலக்ட்ரானை இழத்தல் ஆக்சிஜனேற்றம், எலக்ட்ரானைப் பெறுதல் ஒடுக்கம். நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் ஒரு துத்தநாகத் துண்டைப் போட்டால் நீலம் வெளிறி, துண்டின் மேல் செம்பழுப்பாகத் தாமிரம் படியும். துத்தநாகம் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகிறது. இங்கே ஆக்சிஜன் வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஆனாலும் துத்தநாகத்துக்கு நிகழ்ந்தது ஆக்சிஜனேற்றமே. பெயர் பழைய வரையறையில் நின்றுவிட்டது, பொருள் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஆங்கிலச் சொல்லுக்கும் இதே கதைதான், அங்கே அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை.

'ரிடக்ஷன்' என்பதை அகராதி பார்த்துக் குறைதல் என்று எழுதிக்கொள்வது ஆபத்து. எலக்ட்ரானைப் பெறுவது எப்படிக் குறைதல் ஆகும் என்று மாணவர் குழம்பிவிடுவார். குறைவது ஆக்சிஜனேற்ற எண். தாமிரம் +2 என்பதிலிருந்து 0 ஆகிறது.

இதைவிட அதிகமாகத் தவறு நிகழ்வது 'ஏஜென்ட்' சேரும்போது. 'ஆக்சிடைசிங் ஏஜென்ட்' எது என்று கேட்டால், ஆக்சிஜனேற்றம் அடைந்த பொருளை எழுதுபவர்கள் பலர். இங்கே தமிழ் இலக்கணம் கைகொடுக்கும். ஏறுவது தன்வினை, ஏற்றுவது பிறவினை. ஆக்சிஜனேற்றி என்றால் பிறிதொன்றின் மேல் ஏற்றிவிடுவது, தான் ஒடுக்கம் அடைவது. மேற்கண்ட வினையில் காப்பர் ஆக்சைடு ஆக்சிஜனேற்றி, துத்தநாக வினையில் காப்பர் அயனி ஆக்சிஜனேற்றி. ஆங்கில வாக்கியத்தில் இதே வேறுபாட்டை ஒரு சிறு 'பை' காட்டும். துத்தநாகம் 'ஆக்சிடைசஸ்' என்று இருந்தால் துத்தநாகம் பிறிதொன்றை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. 'இஸ் ஆக்சிடைஸ்டு பை' என்று இருந்தால் துத்தநாகம் பிறிதொன்றால் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. இந்த 'பை' கண்ணில் படாமல் போனால் விடை தலைகீழாகும்.

உண்மையில், கணக்குகளில் மாணவரைக் கவிழ்ப்பவை பெரிய கலைச்சொற்களைக் காட்டிலும் இத்தகைய இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்களே. தமிழில் வேற்றுமை உருபும் வினையெச்சமும் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இவை செய்கின்றன. 1 மோலார் கரைசல் 50 மில்லிலிட்டர் இருக்கிறது என்று கொள்ளலாம். 'டைலூட்டட் டு 250' என்றால் மொத்தப் பருமன் 250 மில்லிலிட்டர் ஆகும் வரை நீர் சேர்க்க வேண்டும். புதிய செறிவு 50ஐ 250ஆல் வகுத்த 0.2 மோலார். 'டைலூட்டட் வித் 250' என்றால் 250 மில்லிலிட்டர் நீரைச் சேர்க்கிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 300 ஆகும், செறிவு 0.167 மோலார். ஒரே கணக்கு, ஒரே எண்கள், ஒரு சிறு சொல்லால் இரண்டு விடை. அழுத்தம் 'இன்கிரீஸ்டு டு 3' என்றால் மூன்றாக உயர்ந்தது. 'இன்கிரீஸ்டு பை 3' என்றால் முன்பு இருந்ததைவிட மூன்று கூடியது.

இவை எல்லாம் ஒரே இடத்தில் கூடும் பாடம் ஆய்வகத்தில் இருக்கிறது. ஆக்சாலிக் அமிலத்தின் திட்டக் கரைசலைத் தயாரித்து, அதைக் கொண்டு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தல், ஆங்கிலத்தில் 'டைட்ரேஷன்'. 250 மில்லிலிட்டர், 0.05 மோலார் அமிலக் கரைசல் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். திட்டக் கரைசல் என்பதன் ஆங்கிலம் 'ஸ்டாண்டர்டு சொல்யூஷன்'. ஸ்டாண்டர்டு என்றால் உயர்தரமானது என்று பொருளல்ல, செறிவு துல்லியமாகத் தெரிந்தது என்று பொருள். சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டு அப்படித் தயாரிக்க முடியாது. அது காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், தராசில் காட்டும் நிறையை நம்ப முடியாது. அதனால்தான் ஆக்சாலிக் அமிலம்.

அமிலத்தின் பாட்டிலில் 'டைஹைட்ரேட்' என்று எழுதியிருக்கும். இரண்டு மூலக்கூறு படிகநீர் சேர்ந்தது, H2C2O4·2H2O, மோலார் நிறை 126 கிராம். படிகநீர் இல்லாதது 'அன்ஹைட்ரஸ்', தமிழில் நீரற்றது, அதன் மோலார் நிறை 90. தேவையான நிறை 126 × 0.05 × 0.25, அதாவது 1.575 கிராம். டைஹைட்ரேட் என்ற சொல் புரியாமல் 90 என்று வைத்துக் கணக்கிட்டால் 1.125 கிராம்தான் வரும். பாட்டிலில் இருப்பதோ படிகநீருள்ள அமிலம். அதில் 1.125 கிராமைக் கரைத்தால் செறிவு 0.05க்குப் பதிலாக 0.036 மோலார் அளவுக்குத்தான் இருக்கும். அதன்பின் செய்யும் எல்லாக் கணக்கும் அந்தப் பிழையைச் சுமந்துகொண்டே போகும்.

எடைபோட்ட படிகங்களைச் சிறிது நீரில் கரைத்து, 250 மில்லிலிட்டர் குடுவைக்கு மாற்றி, கழுத்தில் உள்ள கோடு வரை நீர் நிரப்ப வேண்டும். ஆங்கிலச் செய்முறை நூல் இதை 'மேக் அப் டு தி மார்க்' என்று சொல்லும். முதல்முறை கேட்கும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழுவது வழக்கம். பூச்சுக்கும் பவுடருக்கும் இதில் வேலை இல்லை. குறி வரை கொண்டுவந்து சமன்செய் என்பதே பொருள். இங்கேயும் 'டு'தான் முக்கியம். 250 மில்லிலிட்டர் நீரைத் தனியாக அளந்து ஊற்றக் கூடாது.

பிறகு பிப்பெட்டால் 20 மில்லிலிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, இரண்டு சொட்டு பினாப்தலீன் நிறங்காட்டி விட்டால் இளஞ்சிவப்பாகும். நிறங்காட்டி ஆங்கிலத்தில் 'இண்டிகேட்டர்'. தமிழ்ச் சொல்லே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது. ப்யூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, ஒரு சொட்டில் நிறம் மறையும். அதுதான் 'எண்ட் பாயிண்ட்', முடிவு நிலை. 'கலர்லெஸ்' என்பது நிறமற்றது, வெள்ளை அல்ல. பதிவேட்டில் இதை 'ஒயிட்' என்று எழுதினால் பால்போல ஏதோ வந்தது என்று பொருளாகிவிடும். அடுத்தடுத்த முறைகளில் ஒரே அளவு வந்தால் அதை 'கன்கார்டன்ட் வேல்யூ' என்பார்கள், ஒத்துப்போகும் அளவீடு.

அந்த அளவு 19.0 மில்லிலிட்டர் என்று கொள்ளலாம். அமிலம் 0.05 × 0.019, அதாவது 0.00095 மோல். ஆக்சாலிக் அமிலம் டைபேசிக் என்பது இங்கே வேலைக்கு வருகிறது. ஒரு மோல் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு தேவை.

H2C2O4 + 2NaOH → Na2C2O4 + 2H2O

எனவே குடுவையில் இருந்தது 0.0019 மோல். அதை 0.020 லிட்டரால் வகுத்தால் 0.095 மோலார். டைபேசிக் என்பதைத் தவறவிட்டவருக்கு இதில் சரிபாதி, 0.0475 வரும். விடை சரியாகப் பாதியாகவோ இருமடங்காகவோ வந்தால், பெருக்கல் பிழையைத் தேடுவதற்கு முன் இந்தச் சொல்லைத் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வினாத்தாளின் ஏவல் சொற்கள் சில பழகியிருக்க வேண்டும். 'அக்கவுண்ட் ஃபார்' என்றால் கணக்கிடச் சொல்லவில்லை, காரணம் கேட்கிறார்கள். 'ட்ரீட்டட் வித்' என்பதில் சிகிச்சை இல்லை, ஒன்றை இன்னொன்றோடு வினைப்படுத்துகிறார்கள். 'லிபரேட்டட்', 'எவால்வ்டு' இரண்டும் வாயு வெளியேறுவதைக் குறிக்கும். 'ரெஸ்பெக்டிவ்லி' என்பது தமிழின் முறையே. மூன்று பொருள், மூன்று எண் கொடுத்து இச்சொல்லைச் சேர்த்திருந்தால் முதல் பொருளுக்கு முதல் எண், அடுத்ததற்கு அடுத்தது.

நோட்டுப் புத்தகத்துக்கு வந்தால், நடுவே கோடு போடுவதைவிடச் சொல்லுக்குக் கால் பக்கம் ஒதுக்குவது பயன் தரும். தமிழ்நாட்டுப் பாடநூலின் தமிழ்வழிப் பதிப்பும் ஆங்கிலவழிப் பதிப்பும் ஒரே அலகு வரிசையில் இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, ஒரே பத்தியில் ஒரு சொல் என்னவாக மாறியிருக்கிறது என்று பார்த்து எழுதலாம். 'அன்சாச்சுரேட்டட்' என்ற சொல்லுக்குக் கீழே முதல் வரியில் தெவிட்டாத கரைசல், 100 கிராம் நீரில் 20 கிராம் உப்பு, இன்னும் கரையும். இரண்டாவது வரியில் நிறைவுறா ஹைட்ரோகார்பன், C2H4, இரட்டைப் பிணைப்பு உண்டு. பத்து நாள் கழித்து அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து இரண்டு எடுத்துக்காட்டையும் எழுத முடிகிறதா என்று சோதிக்கலாம். வரையறை ஒப்பிக்க வந்து, எடுத்துக்காட்டு வரவில்லை என்றால் அந்தச் சொல் இன்னும் ஒலியாகத்தான் தங்கியிருக்கிறது. அதைத் தமிழ்ப் பதிப்பின் அதே பத்தியில் போய் மறுபடி படிக்க வேண்டும்.